ஸ்கிரேப்பிங்கில் பூச்சி இல்லையென்றால் நாய்க்குச் சொறி இல்லையா?

கேள்வி: "எங்கள் நாட்டு நாய்க்கு மூன்று வயது, 14 கிலோ. தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது. இரண்டு மாதமாக இரவும் பகலும் சொறிந்துகொள்கிறது. காது ஓரத்தில் முடி போய்விட்டது. ஒரு முறை ஸ்கிரேப்பிங் எடுத்துவிட்டு, பூச்சி இல்லை, அலர்ஜிதான் என்று ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரம் குறைந்தது, மறுபடி வந்துவிட்டது. இப்போது அம்மாவின் கையிலும் சிவப்புப் புள்ளிகள். சிலர் டெமோடெக்ஸ் என்கிறார்கள், சிலர் சொறி என்கிறார்கள். மறுபடி ஸ்கிரேப்பிங் எடுக்க வேண்டுமா, நேராக ஐவர்மெக்டின் ஊசி போட்டுவிடலாமா? செம்பூர், மும்பை."

ஸ்கிரேப்பிங் என்பது தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பூச்சியைத் தேடுவது. உங்கள் குழப்பம் முழுவதும் அதில் வந்த "பூச்சி இல்லை" என்ற இரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது. அந்தச் சொற்களுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நான் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தவன். பல ஆண்டுகளாக மும்பையில் மருத்துவம் பார்க்கிறேன். சயானிலிருந்து கோவண்டி வரை தெருவில் பிறந்து வீட்டுக்கு வந்த நாய்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. உங்கள் நாயை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் நோய் இன்னதுதான் என்று இங்கிருந்தே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் சில அடையாளங்கள் ஒரே திசையைக் காட்டுகின்றன. எவ்வளவு தூரம் அவற்றை நம்பலாம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு பூச்சிகளையும் பிரித்துப் பார்த்துவிடுவோம். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத, உண்ணி இனத்தின் தூரத்து உறவுகள். சார்காப்டெஸ் என்பது உருண்டையானது, குட்டைக் கால்கள் உடையது. பெண் பூச்சி தோலின் மேல்தோலைக் குடைந்து சுரங்கம் போட்டு, அதற்குள் முட்டையிட்டுக்கொண்டே போகும். முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை ஏறக்குறைய மூன்று வாரங்கள். இது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குச் சுலபமாகத் தொற்றும். நாம் சொறி என்றும் மராத்திக்காரர்கள் கரூஜ் என்றும் சொல்வது இதைத்தான். டெமோடெக்ஸ் வேறு வகை. நீண்டு மெலிந்து சுருட்டு போல இருக்கும். மயிர்க்கால்களுக்குள் தலைகீழாகக் குடியிருக்கும். குட்டி பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் தாயிடம் பால் குடிக்கும்போதே அதன் உடலுக்கு வந்துவிடுகிறது. ஏறக்குறைய எல்லா நாய்களிடமும் ஓரளவு இருக்கிறது. நாயின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைக்கிறது. அந்தப் பிடி தளரும்போதுதான் அது பெருகி நோயாகிறது. பக்கத்து வீட்டு நாய்க்கோ உங்களுக்கோ அது தொற்றாது.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் ஸ்கிரேப்பிங் அறிக்கையின் பொருளும் பிறக்கிறது. டெமோடெக்ஸ் நோயாக மாறிய நாயில் ஒவ்வொரு மயிர்க்காலிலும் கூட்டம் கூட்டமாக இருக்கும். சரியான இடத்தில், சரியான ஆழத்தில் சுரண்டினால் கிடைக்காமல் போவது அரிது. ஆகவே நன்றாக எடுத்த மாதிரிகளில் டெமோடெக்ஸ் இல்லையென்றால், பெரும்பாலும் அந்த நோய் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். சார்காப்டெஸ் அப்படியன்று. உடல் முழுவதும் பித்துப் பிடித்தது போல நாய் சொறிந்துகொண்டிருக்கும். ஆனால் தோலில் மொத்தமே சில பூச்சிகள்தான் இருக்கும். அரிப்பின் பெரும் பகுதி பூச்சியின் எச்சிலுக்கும் கழிவுக்கும் உடல் காட்டும் ஒவ்வாமையால் வருவது. சொறிந்து சொறிந்து நாயே பூச்சிகளை உதிர்த்தும் விடுகிறது. அதனால் சார்காப்டெஸ் உள்ள நாய்களில் ஸ்கிரேப்பிங்கில் பூச்சி பிடிபடுவது பல இடங்களில் பாதிக்கும் குறைவாகவே இருக்கிறது. ஐந்தில் ஒன்று என்ற அளவுக்குக்கூடக் குறைவதுண்டு. ஆக, ஒரே ஒரு முறை எடுத்து "பூச்சி இல்லை" என்று வந்தால் சார்காப்டெஸைப் பொறுத்தவரை அந்த அறிக்கை ஒன்றும் சொல்லவில்லை. இது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம். உங்கள் மருத்துவர் தவறிழைத்தார் என்று நான் சொல்லவில்லை. அலர்ஜியும் இப்படித்தான் தொடங்கும். ஆனால் அந்த அறிக்கையை மட்டும் வைத்துச் சொறியை ஒதுக்கிவிட முடியாது.

எப்படிச் சுரண்டுகிறோம் என்பதும் இரண்டுக்கும் வேறு வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த முறை மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கே புரியும். சார்காப்டெஸைத் தேடும்போது ஆழம் தேவையில்லை, பரப்பு தேவை. காதின் ஓரம், முழங்கை முனை, பின்னங்காலின் கணுப்பகுதி, அடிவயிறு, இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். முதுகு பெரும்பாலும் தப்பிவிடும். நாய் கிழித்து ரத்தம் கசியும் இடத்தில் எடுக்கவே கூடாது, அங்கே இருந்த பூச்சியை நாய் ஏற்கெனவே துரத்திவிட்டது. இன்னும் சொறியப்படாத, சின்னச் சின்னக் கொப்புளத்தின் மேல் மஞ்சளாகப் பொருக்கு உட்கார்ந்திருக்கும் இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரியால் மெல்ல வெட்டிவிடுவோம். தோலிலும் கத்தியிலும் ஒரு சொட்டு லிக்விட் பாரபின் தடவிக்கொள்வோம்; உதிர்வது எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும், காற்றில் பறக்காது. முனை மழுங்கடித்த பத்தாம் எண் அறுவைக் கத்தியைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்து, முடி வளரும் திசையில் உள்ளங்கை அகலத்துக்கு நிறைய எடுக்க வேண்டும். ஒன்று இரண்டு இடங்கள் போதாது. பத்துப் பதினைந்து இடங்கள், அத்தனைக்கும் தனித்தனிக் கண்ணாடித் தகடுகள். அதைவிட முக்கியம், பிறகு உட்கார்ந்து பார்க்கும் பொறுமை. நுண்ணோக்கியில் குறைந்த பெருக்கத்தில், ஒளியைக் குறைத்து வைத்து, தகட்டின் ஒரு மூலையில் தொடங்கி ஏர் உழுவது போல வரிசை வரிசையாகப் போக வேண்டும். மொத்தமாக ஒரு மேலோட்டப் பார்வை பார்த்துவிட்டு "இல்லை" என்றால் அது தேடியதாகாது. ஒரு பூச்சி, ஒரு முட்டை, அதன் பழுப்பு நிறக் கழிவு உருண்டை, இவற்றில் ஏதேனும் ஒன்று கிடைத்தாலே நோய் உறுதி. பூச்சி உயிரோடு இருந்தால் எண்ணெயில் கால்களை அசைத்துக்கொண்டிருக்கும்.

டெமோடெக்ஸைத் தேடும்போது கத்தியின் வேலை மாறுகிறது. புதிதாக வந்த முடி உதிர்ந்த வட்டத்தின் நடுவில், ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு மேல் போகாமல், தோலை மடித்துக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிதுக்கிக்கொண்டு சுரண்டுவோம். மயிர்க்காலின் ஆழத்தில் இருப்பதை அழுத்தம்தான் மேலே தள்ளுகிறது. மேலோட்டமாக ரத்தம் துளிர்க்கும் வரை அதே இடத்தில் மீண்டும் மீண்டும் சுரண்ட வேண்டும். நாயின் உரிமையாளர் அந்தச் சிவப்பைக் கண்டு பயந்து "போதும் டாக்டர்" என்பது வழக்கம். ஆனால் அந்தச் சிவப்பு வராவிட்டால் மாதிரி போதுமான ஆழத்துக்குப் போகவில்லை. மூன்று முதல் ஐந்து இடங்கள் போதும். கண்ணைச் சுற்றியும் விரல் இடுக்குகளிலும் கத்தி வைக்க முடியாது. அங்கே கிடுக்கியால் முடிகளை வேரோடு பிடுங்கி எண்ணெயில் கிடத்திப் பார்ப்போம். பூச்சி முடியின் வேரைக் கட்டிக்கொண்டிருக்கும். தோலை அழுத்தித் தெளிவான ஒட்டு நாடாவை ஒட்டி எடுத்துப் பார்க்கும் முறையும் உண்டு. துள்ளும் குட்டிகளுக்கு அது எளிது. இதில் ஓர் எச்சரிக்கை: தடித்து வடுவேறிய பாதங்களிலும், சார்பெய் போன்ற தடித்த தோல் உள்ள இனங்களிலும் நல்ல ஸ்கிரேப்பிங்கிலும் டெமோடெக்ஸ் தப்பிவிடும். அங்கே தோலில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

ஒரு டெமோடெக்ஸ் கிடைத்தால் என்ன பொருள் என்றும் சொல்லிவிட வேண்டும். பலர் அந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். எல்லா நாய்களிடமும் இருப்பதால், ஒற்றைப் பூச்சி நோய்க்குச் சான்று ஆகாது. ஆனால் சாதாரண நாயில் அது கத்தியில் வந்து மாட்டுவதும் அரிது. ஆகவே ஒன்று கிடைத்தால் உடனே இன்னும் சில இடங்களில் எடுக்க வேண்டும். முட்டை, ஆறு கால் குஞ்சு, எட்டுக் கால் இளம் பூச்சி, பெரியது என்று எல்லாப் பருவமும் நிறைய இருந்தால் அது நோய். அறிக்கையில் வெறுமனே "டெமோடெக்ஸ் உண்டு" என்று எழுதாமல், ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். சிகிச்சை பலன் தருகிறதா என்பதை அந்த எண்ணிக்கைதான் பிறகு சொல்லும்.

உங்கள் நாயின் விஷயத்துக்கு வருகிறேன். காது ஓரத்தில் முடி போனது, இரவில் தூங்க விடாத அரிப்பு, தெருப் பழக்கம், அம்மாவின் கையில் புள்ளிகள். இந்த நான்கும் சேர்ந்து வந்தால் என் மனம் முதலில் சார்காப்டெஸைத்தான் நினைக்கும். டெமோடெக்ஸ் தொடக்கத்தில் பெரும்பாலும் அரிக்காது. முடி திட்டுத் திட்டாகப் போகும், பாக்டீரியா சேர்ந்த பிறகுதான் அரிக்கும். அது வீட்டில் உள்ள மனிதர்களிடம் புள்ளிகளை உண்டாக்காது. ஒரு சிறு சோதனையை நீங்களே செய்யலாம்: நாய் அமைதியாக இருக்கும்போது காது மடலின் ஓரத்தை மடித்து, காதின் அடிப்பகுதியோடு சேர்த்து ஐந்து நொடி மெல்லத் தேயுங்கள். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகவே சொறிவது போல எழுகிறதா என்று பாருங்கள். சார்காப்டெஸ் உள்ள நாய்களில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி நடக்கும். இது நோயை நிரூபிக்காது, வேறு தோல் நோயிலும் சில நேரம் வரும். ஆனால் சந்தேகத்தை நன்றாகவே வலுப்படுத்தும்.

இப்போது ஒரு நாயைப் பற்றிச் சொல்கிறேன். சயான் கோலிவாடாவில் ஒரு தமிழ்க் குடும்பம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, அதில் நான்கு பேர், ஒரு பழுப்பு நிறப் பெட்டை நாய், 11 கிலோ. வேறோர் இடத்தில் இரண்டு முறை ஸ்கிரேப்பிங் எடுத்து இரண்டும் "இல்லை" என்று வந்திருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை ஆறு வாரமாகத் தொடர்ந்து கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவது போலத் தெரிந்து திரும்பியது. பாட்டி சொன்னதுதான் எனக்குத் திசை காட்டியது: "டாக்டர், இது ராத்திரி சொறிகிற சொறியில் கட்டில் ஆடுகிறது. அப்புறம் எனக்கும் அரிக்கிறது." முழங்கையின் உட்புறத்திலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். நாய் படுக்கும்போது அவர் மடியில்தான் தலை வைக்குமாம். காது ஓரத்தைத் தேய்த்தபோது பின்னங்கால் உடனே எழுந்தது. நான் பதினான்கு இடங்களில் எடுத்தேன். முதல் பதினொரு தகடுகளிலும் ஒன்றுமில்லை. பன்னிரண்டாவதில், இடது முழங்கைப் பொருக்கிலிருந்து எடுத்ததில், ஒரு முட்டையும் பக்கத்தில் பழுப்புக் கழிவு உருண்டைகளும் இருந்தன. பூச்சி ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. பதினொரு தகட்டோடு எழுந்திருந்தால் நானும் "இல்லை" என்றுதான் எழுதியிருப்பேன். அன்று ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கச் சொன்னேன். நீண்ட நாள் கொடுத்த மாத்திரையைத் திடீரென்று வெட்டக் கூடாது. தெள்ளுப்பூச்சி, உண்ணிகளைக் கொல்லும் ஐசாக்சசோலின் வகை மாத்திரையை எடைக்கு ஏற்ப உணவோடு கொடுத்தோம். தோலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்திருந்ததால், குளோர்ஹெக்சிடின் ஷாம்பு போட்டுப் பத்து நிமிடம் நுரையோடு நிறுத்தி வைத்துக் குளிப்பாட்டச் சொன்னேன். பத்தாவது நாள் பாட்டி இரவில் தூங்கினேன் என்றார். ஒரு மாதத்தில் காது ஓரத்தில் மெல்லிய புதிய முடி. பாட்டியின் புள்ளிகள் மூன்றாம் வாரத்தில் மறைந்துவிட்டன; மேலே பூசத் தோல் மருத்துவர் ஒரு களிம்பு தந்திருந்தார்.

சில நேரங்களில் பதினான்கு தகட்டிலும் ஒன்றும் கிடைக்காது. அப்போது நான் பரிசோதனைக்காகவே சிகிச்சை கொடுப்பேன். இதைச் சரியாகச் செய்தால் அது ஊகத்தில் மருந்து கொடுப்பது ஆகாது. நோயைக் கண்டறியும் முறையாகவே கற்றுத் தரப்படுகிறது. ஐசாக்சசோலின் வகையில் அஃபாக்சோலனர், சரோலனர் போன்றவற்றை மாதம் ஒரு முறையும், ஃப்ளூரலனரை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கிறோம். தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் விற்கும் மாத்திரைகளே இவை. வீட்டில் எத்தனை நாய்கள் இருந்தாலும், அரிக்காத நாய்க்கும் அதே நாளில் கொடுக்க வேண்டும். ஒரு நாயை விட்டுவைத்தால் பூச்சி அங்கிருந்து திரும்பி வரும். இரண்டு வாரத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிய வேண்டும். அரிப்பு ஒவ்வாமையால் வருவது என்பதால் பூச்சி செத்த பிறகும் சில நாட்கள் நீடிக்கலாம். முதல் சில நாட்கள் கூடினாலும் பயப்பட வேண்டாம். நான்கு வாரம் முழுதாக முடிந்தும் துளியும் குறையவில்லை, எல்லா நாய்க்கும் மருந்து கொடுத்தாகிவிட்டது என்றால், சார்காப்டெஸ் இல்லை என்று நம்பிக்கையோடு சொல்லிவிட்டு அலர்ஜியைத் தேடலாம். முன்பு உங்கள் நாய்க்கு வலிப்பு வந்திருந்தால் இந்த மாத்திரை வகையைப் பற்றி மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரிதாக வலிப்பைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்திருக்கிறது. அப்படிப்பட்ட நாய்களுக்கு வேறு வழி பார்ப்போம்.

ஐவர்மெக்டின் ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது வேலை செய்யும், பல வருடங்களாக நானும் பயன்படுத்தியிருக்கிறேன். சார்காப்டெஸுக்குக் கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை போடுவது வழக்கம். நாய்க்கு இந்தப் பயன்பாடு மருந்தின் உரிமத்தில் இல்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் தயாரித்த புட்டியைத்தான் நாம் எடுத்துப் போடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரு சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. உங்கள் 14 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 0.2 கணக்கில் தேவை 2.8 மில்லிகிராம், அதாவது 0.28 மில்லி. கடையில் யாரோ "ஒரு மில்லி போடுங்கள்" என்று சொன்னால் அது மூன்றரை மடங்கு. ஐந்து கிலோ குட்டிக்கு அதே ஒரு மில்லி பத்து மடங்கு. கோலி, ஷெட்லாண்டு ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற மேய்ச்சல் இனங்களிலும் அவற்றின் கலப்புகளிலும் ஒரு மரபணுக் குறைபாடு இருக்கலாம். அவற்றில் இந்த மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். கண்மணி விரிந்து, எச்சில் ஒழுகி, தள்ளாடி, பிறகு எழ முடியாமல் நாய் கிடக்கும். எதிர்மருந்து கிடையாது, நாட்கணக்கில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தெரு நாய்க்கு எந்த இரத்தம் கலந்திருக்கிறது என்று பார்வையால் சொல்ல முடியாது. மாத்திரை கிடைக்கும் காலத்தில் ஊசியை வீட்டில் நீங்களே போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். விலை தடையாக இருந்தால், மருத்துவரே எடை போட்டு, அளந்து போடட்டும்.

டெமோடெக்ஸாக இருந்தால் என்ன மாறும்? மருந்து அதே ஐசாக்சசோலின் வகையே. ஆனால் காலம் நீளும். ஏழு மாதப் பக் குட்டி ஒன்று என்னிடம் வந்தது, முகமும் முன்னங்கால்களும் முடியில்லாமல், பாதங்களில் சீழ். ஒரு தகட்டில் முட்டை முதல் பெரிய பூச்சி வரை எண்ண முடியாத அளவு. மாதம் ஒரு மாத்திரையும் பாக்டீரியாவுக்கு ஷாம்பும் கொடுத்தோம். இரண்டாம் மாதத்திலேயே முடி அழகாக வந்துவிட்டது. குடும்பத்தார் நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். அன்றைய ஸ்கிரேப்பிங்கில் உயிருள்ள சில பூச்சிகளும் இரண்டு முட்டைகளும் இன்னும் இருந்தன. முடி வருவது முதலில் நடக்கிறது, பூச்சி போவது பிறகு. மாதா மாதம் அதே இடங்களில் எடுத்துப் பார்த்து, அடுத்தடுத்து இரண்டு முறை ஒன்றும் இல்லாமல் வந்த பிறகே நிறுத்த வேண்டும். அந்தக் குட்டிக்கு ஐந்து மாதமாயிற்று. ஒன்றிரண்டு திட்டுகள் மட்டும் உள்ள குட்டிகளில் பெரும்பாலும் இரண்டு மாதத்தில் தானாகவே ஆறிவிடும். அங்கே மருந்தைக் கொட்டத் தேவையில்லை. மூன்று நான்கு வயதுக்கு மேல் முதன்முறை டெமோடெக்ஸ் பெருகினால், எதிர்ப்புச் சக்தியைக் கெடுத்தது எது என்று தேடுவதே மருத்துவரின் முதல் வேலை: தைராய்டு குறைவு, கார்டிசால் மிகுதி, புற்றுநோய், அல்லது நாம் கொடுத்த ஸ்டீராய்டு. உங்கள் நாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்திருப்பதால், அடுத்த முறை மேலோட்ட ஸ்கிரேப்பிங்கோடு ஆழமான ஸ்கிரேப்பிங்கும் மூன்று இடங்களிலாவது எடுக்கச் சொல்லுங்கள். சார்காப்டெஸ்தான் என்று நான் சாய்ந்தாலும், ஸ்டீராய்டு திறந்துவிட்ட வாசல் வழியே டெமோடெக்ஸும் சேர்ந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. அமிட்ராஸ் கரைசலில் குளிப்பாட்டும் பழைய முறையும் டெமோடெக்ஸுக்கு இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள மனிதரும் சர்க்கரை நோய் உள்ள நாயும் அதன் அருகே போகக் கூடாது. அதை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே செய்ய வேண்டும்.

அம்மாவைப் பற்றி. நாயின் சார்காப்டெஸ் மனிதத் தோலில் ஏறினாலும் அங்கே தன் வம்சத்தை வளர்க்க முடியாது. நாயை அணைக்கும் கை, வயிறு, தொடை போன்ற இடங்களில் ஓரிரு நாளிலேயே புள்ளிகள் வரும். நாய்க்குச் சிகிச்சை நடந்த இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே அடங்கும். புள்ளிகள் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் வந்து, இரவில் வீட்டில் எல்லோருக்கும் அரித்தால் அது மனிதருக்கே உரிய சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, வீட்டில் அனைவருக்கும் பூச வேண்டும். ஆகவே தோல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள், நாய்க்குச் சொறி சந்தேகம் என்பதையும் சொல்லுங்கள்.

நாயின் பாய், துணி, கழுத்துப் பட்டை எல்லாவற்றையும் மருந்து கொடுக்கும் நாளில் வெந்நீரில் துவைத்து விடுங்கள். நாயின் உடலை விட்டு விழுந்த பூச்சி வீட்டு வெப்பத்தில் சில நாட்கள் பிழைக்கும். குளிர்ந்த ஈரப்பதத்தில் இன்னும் நீண்ட நாட்கள் பிழைக்கும். மும்பை மழைக்காலத்தில் வெயில் காணக் கிடைக்காது என்பதால், துவைத்த துணியை இஸ்திரிப் பெட்டியால் சூடாகத் தேய்த்துவிட்டு விரிக்கச் சொல்கிறேன். என்ஜின் ஆயிலைப் பூசினால் சொறி போய்விடும் என்று கேட்டில் நிற்கும் காவலாளி சொல்வார், பலரும் செய்கிறார்கள். செய்யாதீர்கள். நாய் அதை நக்கி விழுங்கி, தோல் வெந்து, ஈரல் கெட்டு என்னிடம் வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். வேப்பெண்ணெய் தோலை ஆற்றலாம்; சுரங்கத்தில் இருக்கும் பூச்சியைத் தீர்க்கும் என்று நம்ப வேண்டாம்.

ஒரு விஷயம் மீதமிருக்கிறது. உங்கள் நாய் நடக்கும்போது கட்டடத்துக்கு வெளியே எந்தத் தெரு நாய்களோடு மூக்கோடு மூக்கு உரசுகிறது என்று கவனியுங்கள். அவற்றில் ஒன்று காது ஓரம் பொருக்கேறி நின்றால், உங்கள் வீட்டு மருந்து முடிந்த மறு மாதம் நோய் திரும்பி வரும். சாப்பாடு போடுபவரிடம் பேசி, அந்த நாயின் எடையை மருத்துவரிடம் கணித்து வாங்கி, அதே மாத்திரையை ஒரு பாவ் ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மருந்து கொடுத்த தேதியை நாள்காட்டியில் குறித்து, 14-ஆம் நாளும் 28-ஆம் நாளும் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சொறிகிறது என்று இரவில் எண்ணி எழுதுங்கள். அந்த இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.